கலப்புக் கணக்குக்கு ஐந்து படிகள்: மரபியல் பாடத்தைச் சுருக்குவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பன்னிரண்டாம் வகுப்பிலும் நீட் பயிற்சியிலும் பாரம்பரிய மரபியல் படிப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பாடத்தை ஒருமுறையாவது முழுதாகப் படித்துவிட்டு, கலப்புக் கணக்கு வந்தால் மட்டும் தடுமாறுகிறவர்களை மனதில் வைத்து எழுதியது.

பாடம் பக்கம் பக்கமாகப் போகிறது. முழுமையற்ற ஓங்குத்தன்மை, மறைப்பு, பிணைப்பு, பால்சார்ந்த மரபு என்று ஒவ்வொன்றுக்கும் தனி முறை இருக்கிறதா?

இல்லை. முறை ஒன்றுதான். ஒரு கலப்பில் நடப்பதும் இரண்டே காரியங்கள்தான். பெற்றோர் ஒவ்வொருவரும் கேமீட்டுகளை உருவாக்குகிறார்கள். அவை சேர்ந்ததும் வரும் மரபணுவகை ஒரு புறத்தோற்றமாகத் தெரிகிறது. பாடத்தில் வரும் ஒவ்வொரு தலைப்பும் இந்த இரண்டில் எதையோ ஒன்றைத்தான் மாற்றுகிறது.

முழுமையற்ற ஓங்குத்தன்மை, இணை ஓங்குத்தன்மை, மறைப்பு, கொல்லி மரபணு ஆகிய நான்கிலும் கேமீட்டுகள் மெண்டல் சொன்னபடியேதான் வருகின்றன. கட்டத்தை நிரப்பிய பிறகு அதை எப்படிப் படிக்கிறோம் என்பதுதான் வேறு. பிணைப்பில் இதற்கு நேர்மாறாக, படிக்கும் விதம் அப்படியே இருக்கிறது, கேமீட்டுகளின் அளவு மாறுகிறது. பால்சார்ந்த மரபில் தகப்பன் தரும் கேமீட்டுகளில் பாதிக்கு அந்த மரபணுவே கிடையாது.

ஆகவே நான் எழுதிப் போடச் சொல்வது ஐந்து வரிகள்:

1. எத்தனை மரபணு?
2. பெற்றோரின் மரபணுவகை என்ன?
3. ஒவ்வொருவரும் எந்தெந்தக் கேமீட், எவ்வளவு?
4. சேர்.
5. படி; கேட்டது எத்தனையில் எத்தனை என்று பார்.

ஒரு கணக்கு எந்தத் தலைப்பைச் சேர்ந்தது என்று யோசித்துக்கொண்டு உட்கார வேண்டாம். மூன்றாம் படியில் ஏதாவது மாறுகிறதா, ஐந்தாம் படியில் மாறுகிறதா என்று மட்டும் கேளுங்கள்.

பெற்றோரின் மரபணுவகையைக் கேள்வியில் தரவே இல்லை. "நெட்டைச் செடி" என்று மட்டும் சொன்னால் TT-யா Tt-யா?

தெரியாததைத் தெரிந்ததுபோல எழுதாதீர்கள். T_ என்று கோடு விட்டு எழுதுங்கள். நெட்டை என்றால் ஒரு T நிச்சயம். இன்னொன்றைக் கேள்வியே எங்கோ சொல்லியிருக்கும்.

சொல்லும் இடம் பெரும்பாலும் ஒடுங்கு பண்புள்ள உறவினர்தான். குட்டைச் செடி என்றால் tt என்பதில் சந்தேகமே இல்லை. அதற்கு ஒரு t தாயிடமிருந்தும் ஒரு t தந்தையிடமிருந்தும் வந்தாக வேண்டும். எனவே சந்ததியில் ஒரு குட்டை இருந்தாலும் போதும், இரு பெற்றோரின் கோட்டிலும் t-ஐ நிரப்பிவிடலாம். பெற்றோரில் ஒருவர் குட்டையாக இருந்தால் அதன் நெட்டைப் பிள்ளைகள் எல்லாமே Tt. கீழிருந்து மேலே ஒருமுறை, மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தால் பெரும்பாலான கோடுகள் நிரம்பிவிடும்.

அப்புறம், "தூய" என்ற சொல்லை வேகமாகப் படித்துத் தாண்டிவிடுகிறார்கள். "தூய நெட்டை" என்றால் TT என்று கேள்வியே கொடுத்துவிட்டது. அந்தச் சொல் இல்லாத இடத்தில் TT என்று எடுத்துக்கொள்வதால் கணக்கு முழுவதும் தப்பாகிவிடுகிறது.

கேமீட் எழுதுவதில்தான் தவறு செய்கிறேன். எப்படிச் சரிபார்ப்பது?

ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஓர் எழுத்து, ஒன்றே ஒன்று. AaBb-யின் கேமீட்டில் A-யோ a-யோ ஒன்று, B-யோ b-யோ ஒன்று இருக்கும். "Aa" என்று ஒரு கேமீட் எழுதியிருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

எத்தனை வகை என்பதற்கு 2^n. இதில் n என்பது மரபணுக்களின் எண்ணிக்கை அல்ல. ஜோடியில் இரண்டு எழுத்தும் வேறுவேறாக இருக்கும் மரபணுக்களின் எண்ணிக்கை. AABbCc-யில் மூன்று மரபணு இருந்தாலும் வேறுபட்ட ஜோடி இரண்டுதான். ஆகவே 4 வகை: ABC, ABc, AbC, Abc. எட்டு என்று எழுதுபவர்கள் ஒரே கேமீட்டை இரண்டு முறை எழுதியிருப்பார்கள்.

இருபண்புக் கலப்புக்கு 16 கட்டம் போட்டால் நேரம் போய்விடுகிறது. குறுக்குவழி உண்டா?

உண்டு. ஒவ்வொரு மரபணுவையும் தனித்தனிக் கலப்பாகப் பிரித்து, விடைகளைப் பெருக்குங்கள்.

TtRr × ttRr என்ற கலப்பில் நெட்டையாகவும் உருண்டை விதையாகவும் வருவது எவ்வளவு என்று வைத்துக்கொள்வோம். Tt × tt-யில் நெட்டை 1/2. Rr × Rr-இல் உருண்டை 3/4. பெருக்கினால் 3/8. கட்டமே தேவையில்லை. மூன்று மரபணுவுக்கும் இதே வழிதான்: AaBbCc-யைத் தற்கலப்பு செய்தால் aabbcc கிடைப்பது 1/4 × 1/4 × 1/4 = 1/64. இதற்கு 64 கட்டம் போட்டுப் பார்த்த மாணவரை நான் பார்த்திருக்கிறேன். விடை சரியாகத்தான் வந்தது, ஆனால் அந்த நேரத்தில் நான்கு கேள்விகளை முடித்திருக்கலாம்.

இந்தப் பெருக்கல் மரபணுக்கள் ஒன்றையொன்று சாராமல் ஒதுங்கும்போது மட்டுமே செல்லும். கேள்வியில் பிணைப்பு என்றோ குறுக்கேற்ற வீதம் என்றோ ஏதாவது இருந்தால் தொடாதீர்கள்.

விகிதம் தராமல் செடிகளின் எண்ணிக்கையைத் தந்தால் எங்கே தொடங்குவது?

எல்லாரும் சிறிய எண்ணால் பெரிய எண்ணை வகுக்கிறார்கள். இரண்டே வகுப்பு இருந்தால் ஓரளவு சரிவரும். மெண்டலின் 787 நெட்டை, 277 குட்டை அப்படி வகுத்தால் 2.84:1 என்று 3:1-க்கு அருகில் வந்துவிடும். ஆனால் சிறிய எண்தான் தற்செயலால் அதிகம் ஆடும். அதனால் மொத்தத்தைக் கூட்டி, முதலில் 4-ஆலும் பிறகு 16-ஆலும் வகுத்துப் பார்ப்பதே நல்லது. மெண்டலின் இருபண்புக் கலப்பில் 315, 108, 101, 32, மொத்தம் 556. 16-ஆல் வகுத்தால் ஒரு பங்கு 34.75. இப்போது ஒவ்வொன்றையும் அந்தப் பங்கால் வகுத்தால் 9.1, 3.1, 2.9, 0.9 என்று வருகிறது. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த பயிற்சிக் கணக்கு ஒன்றை முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன். அடிப்படை, பேட்சனும் பன்னெட்டும் இனிப்புப் பட்டாணியில் கண்டது. எண்கள் பயிற்சிக்காக நான் அமைத்தவை. தூய வெள்ளைப் பூ இரண்டு வகைகளைக் கலக்கிறோம். F1 முழுவதும் ஊதா. F1-ஐத் தற்கலப்பு செய்தால் F2-வில் 356 ஊதா, 284 வெள்ளை.

அவசரத்தில் பார்த்தால் இது 1:1 போலத் தெரியும். ஆனால் Aa-வைத் தற்கலப்பு செய்து 1:1 வரவே வராது. அதைவிட முக்கியம், வெள்ளையும் வெள்ளையும் சேர்ந்து ஊதா வந்தது என்ற முதல் வரி. ஒரே மரபணுதான் என்றால், வெள்ளை ஒடுங்கு என்னும்போது பிள்ளையும் வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும். ஆகவே இரு பெற்றோரும் வெவ்வேறு மரபணுவில் குறைபட்டவர்கள். முதல் படி முடிந்தது: மரபணு இரண்டு.

மொத்தம் 640. பதினாறில் ஒரு பங்கு 40. 356-ஐ 40-ஆல் வகுத்தால் 8.9, 284-ஐ வகுத்தால் 7.1. விகிதம் 9:7. அதாவது C, P இரண்டும் இருந்தால்தான் ஊதா; ஏதாவது ஒன்று இல்லையென்றாலும் வெள்ளை. பெற்றோர் CCpp, ccPP. F1 CcPp.

இனி எந்தத் துணைக்கேள்வி வந்தாலும் பிரித்துப் பெருக்குவதுதான். F1-ஐ CCpp பெற்றோருடன் கலந்தால்? C இருப்பது 1, P இருப்பது 1/2; ஊதா பாதி. ccpp-யுடன் கலந்தால்? 1/2 × 1/2, ஊதா கால்பங்கு, வெள்ளை முக்கால்.

"F2 வெள்ளைச் செடிகளில், தற்கலப்பு செய்தால் வெள்ளையை மட்டுமே தருபவை எத்தனை பங்கு?" என்று ஒரு கேள்வி வரும். பலரும் CCpp, ccPP, ccpp மூன்றையும் எண்ணி 3/7 என்பார்கள். ஆனால் Ccpp-யைத் தற்கலப்பு செய்து பாருங்கள்: பிள்ளைகள் அத்தனையும் pp, எனவே அத்தனையும் வெள்ளை. ccPp-யும் அப்படியே. விடை 7/7, எல்லாமே. "இரண்டு மரபணுவிலும் தூயவை எத்தனை?" என்று கேட்டிருந்தால் மட்டும் 3/7. இரண்டு கேள்விகளும் ஒன்றுபோல ஒலிக்கும். ஒன்று புறத்தோற்றத்தைக் கேட்கிறது, மற்றது மரபணுவகையைக் கேட்கிறது.

9:7, 12:3:1, 9:3:4, 15:1, 13:3 எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

வேண்டாம். எல்லாமே 9:3:3:1-ஐ வெவ்வேறு விதமாகக் கூட்டியதுதான். கடைசி மூன்றையும் சேர்த்தால் 9:7. முதல் இரண்டைச் சேர்த்தால் 12:3:1. பூசணிக் குடும்பத்து ஸ்குவாஷ் காய் நிறத்தில் வெள்ளை, மஞ்சள், பச்சை இப்படி வரும். கடைசி இரண்டைச் சேர்த்தால் 9:3:4. எண்களைக் கூட்டினால் 16 வருகிறதா என்று பாருங்கள். வந்தால் இரண்டு மரபணு, இரு பெற்றோரும் AaBb.

சோதனைக் கலப்பில் இதே சேர்க்கை 1:1:1:1-இன் மேல் நடக்கும். 9:7 அங்கே 1:3 ஆகிவிடும், 12:3:1 அங்கே 2:1:1 ஆகும். 1:3 என்று பார்த்ததும் மெண்டலின் 3:1 தலைகீழாக வந்துவிட்டது என்று நினைக்கிறவர்கள் உண்டு. பெற்றோர் யார் என்று இரண்டாம் படியில் எழுதியிருந்தால் அந்தக் குழப்பம் வராது.

பால்சார்ந்த மரபு என்று கேள்வியில் சொல்லாவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆணையும் பெண்ணையும் தனித்தனியாக எண்ணுங்கள். விகிதம் இரண்டு பாலிலும் ஒன்றாக இருந்தால் சாதாரண மரபணு. வேறுபட்டால் X-ஐச் சந்தேகிக்கலாம்.

மோர்கன் 1910-இல் வெள்ளைக் கண் ஆண் பழ ஈயைச் சிவப்புக் கண் பெண்ணோடு கலந்து, F2-வில் கண்டது 2459 சிவப்புப் பெண், 1011 சிவப்பு ஆண், 782 வெள்ளை ஆண். பாலைப் பார்க்காமல் கூட்டினால் 3470 சிவப்பு, 782 வெள்ளை; சற்றே பிசகிய 3:1 என்று விட்டுவிடலாம். பிரித்துப் பார்த்தால்தான் வெள்ளைக் கண் பெண் ஒன்றுகூட இல்லை என்பது தெரிகிறது.

கணக்குப் போடும்போது எழுத்தை X-இன் தலையில் ஏற்றி எழுதுங்கள். Y-யை வெறும் Y-யாக எழுதுங்கள். வெறும் c என்று எழுதினால் மகனுக்கும் தகப்பனிடமிருந்து அந்த அல்லீல் வந்ததாகக் கை தானே எழுதிவிடும். தகப்பன் மகனுக்குக் கொடுப்பது Y மட்டும்.

ஓர் உதாரணம். ஒரு பெண்ணுக்கும் அவள் பெற்றோருக்கும் பார்வை இயல்பு. அவள் தம்பிக்கு மட்டும் சிவப்பு-பச்சை நிறக்குருடு. அவள் இயல்பான ஆணை மணக்கிறாள். தம்பி XᶜY, அந்த Xᶜ அம்மாவிடமிருந்துதான் வந்திருக்க முடியும். ஆகவே அம்மா X⁺Xᶜ, அப்பா X⁺Y. இந்தப் பெண்ணுக்கு அப்பாவிடமிருந்து X⁺ நிச்சயம். அம்மாவிடமிருந்து X⁺ அல்லது Xᶜ. அவள் கடத்தியாக இருக்க வாய்ப்பு 1/2. அவளுக்குப் பிறக்கும் ஒரு மகன் நிறக்குருடாக இருக்க 1/2 × 1/2 = 1/4. "பிறக்கும் குழந்தை" என்று கேட்டால், அது மகனாக இருக்க வேண்டிய பாதியும் சேர்ந்து 1/8. "மகன்", "குழந்தை" என்ற ஒரு சொல் வித்தியாசத்தில் விடை பாதியாகிறது.

கோழி, பட்டுப்புழு என்று வந்தால் பெண்தான் ZW. படிகளெல்லாம் அப்படியே, ஆண், பெண் இடம் மட்டும் மாறும்.

பிணைப்புக் கணக்கில் மட்டும் எப்போதும் மதிப்பெண் போகிறது. எங்கே தவறுகிறேன்?

அநேகமாக மூன்றாம் படியில். கேமீட்டின் வகைகள் அதே நான்குதான்; ஆனால் சம அளவு இல்லை.

ஹட்சின்சனின் மக்காச்சோளக் கலப்பை எடுத்துக்கொள்வோம். நிறமுள்ள முழு விதை (CCSS) ஒரு பெற்றோர், நிறமற்ற சுருங்கிய விதை (ccss) இன்னொரு பெற்றோர். F1-ஐ ccss-உடன் சோதனைக் கலப்பு செய்ததில் கிடைத்தவை:

நிறமுள்ள முழு விதை 4032
நிறமற்ற சுருங்கிய விதை 4035
நிறமுள்ள சுருங்கிய விதை 149
நிறமற்ற முழு விதை 152

ஒன்றையொன்று சாராமல் ஒதுங்கியிருந்தால் நான்கும் ஏறக்குறைய 2092 இருக்க வேண்டும். அதிகமாக உள்ள இரண்டும் பெற்றோர் வகை, குறைவாக உள்ள இரண்டும் மறுகூட்டிணைவு வகை. இதை எண்ணிக்கையைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். "CS, cs தான் பெற்றோர் வகை" என்று எழுத்தைப் பார்த்து முடிவு செய்தால், CCss × ccSS என்று தொடங்கும் கணக்கில் விடை தலைகீழாகிவிடும்.

மறுகூட்டிணைவு வீதம் (149 + 152) ÷ 8368 = 3.6%. தூரம் 3.6 சென்டிமார்கன்.

சரி, இப்போது பின்னோக்கிய கேள்வி: தூரம் 3.6 என்று தந்து, F1-இன் கேமீட்டுகளைக் கேட்கிறார்கள். மாணவர்கள் Cs 3.6%, cS 3.6% என்று எழுதுவார்கள். 3.6 என்பது இரண்டும் சேர்ந்த அளவு. தனித்தனியே 1.8%. மீதி 96.4-ஐப் பாதியாக்கினால் CS 48.2%, cs 48.2%. நான்கையும் கூட்டினால் 100 வர வேண்டும். வரவில்லையென்றால் பாதியாக்க மறந்துவிட்டீர்கள்.

F1-ஐத் தற்கலப்பு செய்து ccss எவ்வளவு என்று கேட்டால் 0.482 × 0.482, ஏறக்குறைய 23%. மெண்டல் முறையில் 1/16, அதாவது 6.25% என்றுதான் வந்திருக்கும். அளவை மட்டும் மாற்றினோம்; சேர்த்ததும் படித்ததும் பழைய மாதிரியேதான்.

ஒரு விதிவிலக்கை மட்டும் நினைவில் வையுங்கள். ஆண் பழ ஈயில் குறுக்கேற்றம் நடப்பதில்லை. கேள்வியில் F1 ஆண் ஈயைச் சோதனைக் கலப்பு செய்தால், தூரம் எவ்வளவு கொடுத்திருந்தாலும் பெற்றோர் வகைகள் இரண்டு மட்டுமே வரும்.

கட்டம் சரியாக வருகிறது. ஆனால் நான் எழுதும் பின்னம் ஆப்ஷனில் இல்லை. ஏன்?

மேல் எண் சரியாக இருக்கும், கீழ் எண் தவறியிருக்கும். ஐந்தாம் படியில் "எத்தனையில்" என்று நான் சேர்த்தது இதற்காகத்தான்.

Tt × Tt-யில் Tt வருவது 2/4. ஆனால் "நெட்டைச் செடிகளில் எத்தனை பங்கு Tt?" என்று கேட்டால் குட்டையை நீக்கிவிட்டோம், மூன்றில் இரண்டு. மஞ்சள் எலிகளிலும் இதே கதை. மஞ்சளும் மஞ்சளும் கலந்தால் 2:1 வருவதைக் குவேனோ 1905-இல் கண்டார். மஞ்சள் அல்லீல் இரண்டும் சேர்ந்த கரு பிறப்பதற்கு முன்பே இறந்துவிடுகிறது. பிறந்த குட்டிகளைத்தான் எண்ணுகிறோம், அதனால் கீழ் எண் 3.

இதை நிறக்குருடு கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தம்பிக்கு நிறக்குருடு இல்லாமல் அல்பினிசம் என்று வைத்துக்கொள்வோம். அது ஆட்டோசோமில் உள்ள ஒடுங்கு பண்பு. பெற்றோர் இருவரும் Aa. அக்கா இயல்பாக இருக்கிறாள் என்பது தெரிந்ததால் aa-வை நீக்குகிறோம். அவள் கடத்தியாக இருக்க வாய்ப்பு 2/3. நிறக்குருடில் அது 1/2. ஏனென்றால் அங்கே அப்பாவின் X⁺ காரணமாக அவள் எப்படியும் இயல்பாகத்தான் இருந்திருப்பாள். அவள் இயல்பானவள் என்ற செய்தி எந்தக் கட்டத்தையும் நீக்கவில்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள். கீழ் எண் எப்போது மாறும் என்பது அதிலேயே பிடிபடும்.

இந்த ஐந்து படிகள் செல்லாத கேள்வி ஏதாவது உண்டா?

உண்டு. மரபணு உட்கருவில் இல்லாதபோது செல்லாது. இதற்குப் பாடத்திலேயே அழகான உதாரணம் அந்திமந்தாரை. ஒரே செடி பாடத்தில் இரண்டு இடத்தில் வருவதால் கேள்வியைப் பாதி படித்துவிட்டு ஏமாறுகிறார்கள்.

பூ நிறம் என்றால் உட்கரு மரபணு. சிவப்பும் வெள்ளையும் கலந்தால் F1 இளஞ்சிவப்பு, F2-வில் 1:2:1. ஐந்து படியும் செல்லும்.

இலை நிறம் என்றால் கதையே வேறு. கோரன்ஸ் கண்டது இது: பச்சை, வெள்ளை, இரண்டும் கலந்த திட்டு இலைக் கிளைகளில் எந்தக் கிளையின் பூவில் விதை உருவானதோ, அந்தக் கிளையைப் பொறுத்தே நாற்றின் நிறம் அமையும். மகரந்தம் எந்தக் கிளையிலிருந்து வந்தாலும் மாற்றமில்லை. பசுங்கணிகம் சூல்முட்டையின் சைட்டோபிளாசம் வழியாக வருகிறது. மகரந்தம் அதைக் கொடுப்பதில்லை. பச்சைக் கிளைப் பூவுக்கு வெள்ளைக் கிளை மகரந்தம் போட்டால் எல்லாம் பச்சை. வெள்ளைக் கிளைப் பூவுக்குப் பச்சைக் கிளை மகரந்தம் போட்டால் எல்லாம் வெள்ளை. பச்சையம் இல்லாததால் அந்த நாற்றுகள் பிழைப்பதில்லை. திட்டுக் கிளைப் பூவிலிருந்து மூன்று வகையும் வரும், அதற்கு நிலையான விகிதம் கிடையாது.

ஆகவே அந்திமந்தாரை என்று பார்த்ததும் 1:2:1 எழுதாதீர்கள். பூவா இலையா என்று பாருங்கள். இலை என்றால் கட்டம் போடாமல், தாய்க் கிளையின் நிறத்தைப் பார்த்து விடையை எழுதிவிடுங்கள்.